ரிவ்யூ பதிலில் சர்வீஸ் பெயர்: எங்கே, எவ்வளவு?

கேள்வி: ஏசி, வாஷிங் மெஷின் சர்வீஸ் செய்கிறோம். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில் வரும் ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதும்போது ‘ஏசி சர்வீஸ்’, ‘ஏசி ரிப்பேர்’ போன்ற வார்த்தைகளைச் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால் விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டால் தேடலில் பின்னுக்குப் போய்விடுவோமோ என்று பயம். இயல்பாக எழுதுவது எப்படி?

பதில்:

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். உள்ளூர்த் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் அடிப்படைகள் மூன்று. தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து நீங்கள் இருக்கும் தூரம், உங்கள் தொழில் எவ்வளவு பேருக்குத் தெரிந்தது என்பது. ரிவ்யூக்களின் எண்ணிக்கையும் நட்சத்திரமும் மூன்றாவதில் சேரும். ரிவ்யூக்களுக்குப் பதில் எழுதுங்கள் என்றும் கூகுளே சொல்கிறது. ஆனால் பதிலுக்குள் சர்வீஸ் பெயரைப் போட்டால் மேலே வரலாம் என்று அது எங்கும் சொன்னதில்லை. பதிலை வைத்து விற்பனை பேசாதீர்கள், சுருக்கமாக, பேசுகிற மாதிரி எழுதுங்கள் என்பதுதான் அதன் அறிவுரை.

சர்வீஸ் பெயர்களுக்கென்றே ப்ரொஃபைலில் தனி இடங்கள் இருக்கின்றன. தொழில் வகை, சேவைகள் பட்டியல், 750 எழுத்துகள் வரை எழுதக்கூடிய விவரிப்பு. நீங்கள் செய்யும் வேலை ஒவ்வொன்றையும் சேவைகள் பட்டியலில் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள். அதைச் செய்து முடித்தாலே பதிலில் திணிக்க வேண்டும் என்ற அவசரம் பாதி குறைந்துவிடும். (தொழிலின் பெயரோடு ‘ஏசி ரிப்பேர்’ என்று ஒட்டவைக்கச் சொல்பவர்களும் உண்டு. போர்டில் இல்லாத பெயரை ப்ரொஃபைலில் வைப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, ப்ரொஃபைலே முடக்கப்படலாம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.)

சரி, அப்படியென்றால் பதிலில் சர்வீஸ் பெயரே வேண்டாமா? வேண்டும். ஆனால் காரணம் வேறு. பதிலை இரண்டு பேர் படிக்கிறார்கள். ஒருவர் ரிவ்யூ எழுதியவர். நீங்கள் பதில் போட்டதும் அவருக்குத் தகவல் போகிறது, விரும்பினால் தன் ரிவ்யூவை அவர் மாற்றியும் எழுதலாம். இன்னொருவர், வீட்டில் ஏசி கோளாறாகி, உங்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு ரிவ்யூக்களைப் புரட்டுபவர். தன் வீட்டில் நடப்பது போலவே வேறொருவருக்கும் நடந்ததா, அதை இவர்கள் புரிந்துகொண்டு சரிசெய்தார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ‘ஏசி சர்வீஸ்’ என்ற பொதுப் பெயர் அவருக்கு எதையும் சொல்லாது. என்ன கோளாறு, எந்தப் பாகம், என்ன செய்தீர்கள் என்பது சொல்லும்.

ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். நான்கு நட்சத்திரத்தோடு இப்படி ஒரு ரிவ்யூ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

“ஏசியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருந்தது. வந்து பார்த்து சரி பண்ணிட்டாங்க. சொன்ன நேரத்துக்கு வரல, ஆனா வேலை சுத்தம்.”

இதற்கு வழக்கமாகக் காணக் கிடைக்கும் பதில்:

“எங்கள் ஏசி சர்வீஸைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி! சிறந்த ஏசி ரிப்பேர், ஸ்ப்ளிட் ஏசி இன்ஸ்டலேஷன், ஏசி கேஸ் ஃபில்லிங், வாஷிங் மெஷின் ரிப்பேர் தேவைகளுக்கு எப்போதும் எங்களை அணுகவும்.”

ஏசி என்ற சொல் நான்கு முறை வந்தது மட்டும் இதில் கோளாறு இல்லை. அவர் கேட்காத இன்ஸ்டலேஷனும் கேஸ் ஃபில்லிங்கும் வந்துவிட்டன. அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே குறையான தாமதம் வரவே இல்லை. இந்தப் பதிலைப் பிய்த்து வேறு எந்த ரிவ்யூவின் கீழே ஒட்டினாலும் பொருந்தும். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போன டெக்னீஷியனிடம் கேளுங்கள், அல்லது ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள். ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் உள்யூனிட்டின் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகி, கீழே உள்ள ட்ரேயில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாக வெளியே போகும். அந்தப் பைப்பில் தூசியும் பாசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் ட்ரே நிரம்பி அறைக்குள் சொட்டும். இந்த வீட்டிலும் நடந்தது அதுதான் என்று டெக்னீஷியன் சொல்கிறார். இப்போது எழுதுங்கள்:

“நேரத்துக்கு வராததற்கு மன்னிக்கவும். முந்தைய வீட்டில் வேலை நீண்டுவிட்டது; தாமதமாகும் என்று தெரிந்ததுமே உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். ஏசியில் தண்ணீர் சொட்டியதற்குக் காரணம் ட்ரெயின் பைப்பில் இருந்த அடைப்பு. பைப்பையும் ட்ரேயையும் சுத்தம் செய்திருக்கிறோம். மறுபடி சொட்டினால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறோம்.”

‘ஏசி’ ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆனாலும் தண்ணீர் சொட்டுவது, ட்ரெயின் பைப், அடைப்பு, ட்ரே என்று இந்த வேலைக்குரிய சொற்கள் எல்லாம் வந்துவிட்டன. எதையும் சேர்க்கவில்லை, நடந்ததைச் சொன்னோம், அவை தாமாக வந்தன. அவருடைய மனக்குறை எதுவோ அது முதலில் வந்தது, வேலை அடுத்து வந்தது. தொழிலின் பெயரையோ ஊரின் பெயரையோ எழுதத் தேவையே இல்லை. பதிலின் தலைப்பிலேயே அது உரிமையாளரின் பதில் என்று கூகுள் காட்டிவிடுகிறது, ஊர் ப்ரொஃபைலிலேயே இருக்கிறது.

வாடிக்கையாளர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாரோ அதையே பயன்படுத்துங்கள். அவர் “கூலிங் வரல” என்று எழுதியிருந்தால் நீங்களும் கூலிங் என்றே எழுதுங்கள். “குளிர்விப்புத் திறன் குறைபாடு” என்று எழுதினால் பிரசுரத்திலிருந்து எடுத்து ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

குறை சொல்லும் ரிவ்யூக்களில்தான் இது உண்மையாகவே சோதிக்கப்படும். “கேஸ் போட்டாங்க, ஒரு மாசத்துல திரும்ப கூலிங் இல்ல. ஏமாத்து வேலை” என்று ஒற்றை நட்சத்திரத்தோடு வருகிறது. இங்கே ‘தரமான ஏசி கேஸ் ஃபில்லிங் சேவை’ என்று நம் பெருமையை எழுதினால் எரிகிற தீயில் எண்ணெய். அதே சமயம் “தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்” என்று மொட்டையாக விட்டாலும் அடுத்து படிப்பவருக்குச் சந்தேகம் அப்படியே நிற்கும். ஏசியில் உள்ள கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது. ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது. ஆகவே நேர்மையான பதில் இப்படி இருக்கும்:

“ஒரு மாதத்தில் கூலிங் போனால் கோபம் வருவது நியாயம். கேஸ் மறுபடி குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் மீண்டும் கேஸ் நிரப்புவதில் பயனில்லை. வந்து கசிவைச் சோதித்துப் பார்க்கிறோம். ப்ரொஃபைலில் உள்ள எண்ணில் கூப்பிட்டு இந்த ரிவ்யூவைக் குறிப்பிடுங்கள், நானே பேசுகிறேன்.”

கேஸ், கசிவு, கூலிங் என்று மூன்றும் வந்துவிட்டன, ஒன்றுகூட விளம்பரமாக இல்லை. கேஸ் குறைந்தால் முதலில் கசிவைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் இவர்கள் என்று அடுத்தவருக்குப் புரியும். ஆனால் சோதித்துப் பார்ப்போம் என்று எழுதினால் உண்மையிலேயே போய்ப் பார்க்க வேண்டும். செய்ய முடியாததைப் பதிலில் எழுதாதீர்கள்.

வேலையின் பெயரைச் சொல்வதற்கு ஓர் எல்லையும் உண்டு. அவர் வெளியே சொல்லாததை நீங்கள் சொல்லிவிடக் கூடாது. “நல்ல வேலை” என்று மட்டும் எழுதியவருக்கு, எத்தனை ரூபாய் ஆனது, எந்த மாடியில் வீடு, அவர் ஊரில் இல்லாதபோது வந்து சரிசெய்தோம் என்றெல்லாம் எழுத வேண்டாம். ஏசி வேலையில் இதனால் சின்னச் சங்கடம்தான் வரும். ஆனால் தோல் மருத்துவம், மனநல ஆலோசனை, வழக்கறிஞர் அலுவலகம் நடத்துபவர்கள் இதைப் படித்தால் கவனியுங்கள்: “நன்றாகப் பார்த்தார்கள்” என்று எழுதியவருக்கு “உங்கள் முகப்பரு சிகிச்சை” என்று பதில் போடுவது ஒருவரின் அந்தரங்கத்தை ஊரறியச் சொல்வது. அங்கே சிகிச்சையின் பெயர் ஒருபோதும் வேண்டாம், அவர் உங்களிடம் வந்தார் என்பதைக்கூட உறுதிசெய்யாமல் பொதுவாக நன்றி சொன்னால் போதும்.

வெறும் நட்சத்திரம் அல்லது ‘சூப்பர்’ என்று வரும் ரிவ்யூவுக்கு ஒரு வரி நன்றி போதும். சர்வீஸ் பெயரைத் தொற்றிக்கொள்ள அங்கே எந்தக் கொம்பும் இல்லை.

திணிப்பு எட்டிப் பார்க்கிறதா என்று கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி: கடைசியாக எழுதிய பத்துப் பதில்களைத் தனியே ஒரு பக்கத்தில் ஒட்டுங்கள், ரிவ்யூக்கள் இல்லாமல். உங்கள் டெக்னீஷியன் ஒருவரிடம் கொடுத்து, எது எந்த வீட்டு வேலைக்கான பதில் என்று கேளுங்கள். அவர் பாதிக்கு மேல் சொல்லிவிட்டால் நன்றாக எழுதுகிறீர்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், எத்தனை அழகான சொற்கள் இருந்தாலும் அது ஒட்டுவேலைதான்.

அப்புறம், தேடலுக்கு உண்மையில் உதவக்கூடிய சொற்கள் வாடிக்கையாளரின் வாயிலிருந்து வருபவை. ஒருவர் எதையாவது தேடும்போது, அந்தச் சொல் உள்ள ரிவ்யூ வரியைக் கூகுள் சில சமயம் உங்கள் பெயருக்குக் கீழேயே எடுத்துக் காட்டும். ஆகவே வேலை முடிந்ததும் ரிவ்யூ கேட்கும்போது, “ஐந்து நட்சத்திரம் போடுங்க” என்பதற்குப் பதிலாக, “என்ன பிரச்சினை இருந்தது, இப்போ எப்படி இருக்குன்னு ரெண்டு வரி எழுதுங்க” என்று கேளுங்கள். எல்லாரிடமும் கேளுங்கள், திருப்தியாக இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். எழுதினால் தள்ளுபடி தருகிறேன் என்பதும், இந்தச் சொல்லைச் சேர்த்து எழுதுங்கள் என்பதும் வேண்டாம். முதலாவது விதிமீறல், இரண்டாவது எழுதிய விதத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்கெனவே போட்ட பதில்களை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. குறைந்த நட்சத்திர ரிவ்யூக்களின் கீழே உள்ளவற்றை முதலில் எடுங்கள். ஏசிக்கு ஆள் தேடுபவர்கள், குறைந்த நட்சத்திரம் முதலில் வரும்படி ரிவ்யூக்களை வரிசைப்படுத்தியும் படிக்கலாம்.