புத்தக வெளியீட்டு கேப்ஷன்: முதல் ரெண்டு வரி

"திருகோணமலையில சின்னப் பதிப்பகம். மூதூர் ஆள் ஒருத்தற்ற கரைவலைக் கதைகள் வருது. 'பெருமையுடன் வெளியிடுகிறோம்' எண்டு தொடங்கி, கடைசியில லிங்கும் போட்டன், இன்ஸ்டாகிராமில ஒருத்தரும் வாங்கினமில்லை."

அண்ணை, அங்க கேப்ஷன் ரெண்டு வரியோட மடிஞ்சிடும், மிச்சத்தை அமத்தித்தான் பாக்கோணும், அதால ஆளும் கதையும் முதல் வரியிலயே வரட்டும், இப்பிடி:

"கொட்டியாரக்குடாவில வலை இழுத்தவர் எழுதின கதைகள். மீன் படாத நாளில சம்மாட்டியிட்ட முற்பணம் கேட்டு நிக்கிற ஆக்கள்தான் இதில வருகினம்."

பட்டம், விருதெல்லாம் பிறகு வரட்டும், கதை என்னத்தைப் பற்றினது எண்டு சொல்ல அந்த ஒரு காட்சியே காணும். கேப்ஷனுக்க போட்ட லிங்க் அமத்தினாலும் திறக்காது, அதை பயோவில போட்டிட்டு, கேப்ஷனில கடைப்பேர், விலை, வாட்ஸ்அப் நம்பர், முக்கியமா தபால் செலவு விலைக்குள்ளயோ வெளியயோ எண்டதையும் எழுதுங்கோ.