நயாகராவில் அப்பா தடுமாறினார்: மறதி நோயா?

கேள்வி: கனடாவில், மிசிசாகாவில் இருக்கிறோம். அப்பாவும் (71) அம்மாவும் (66) ஆகஸ்டில் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை நயாகரா கூட்டிப் போனோம். மதியம் இரண்டரை மணிக்கு அப்பாவுக்குச் சட்டை நனையுமளவு வேர்த்தது. பேரன் மீது எரிந்து விழுந்தார், அப்புறம் "நாம எங்கம்மா இருக்கோம்?" என்று கேட்டார். சாக்லேட் கொடுத்தும் தெளியவில்லை. காரில் தயிர்சாதம் சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பழையபடி ஆனார். சாப்பிடும் முன் இங்கே வாங்கிய புதுச் சர்க்கரை மீட்டரில் பார்த்தபோது 3.3 என்று காட்டியது. ஊரில் எப்போதும் 140, 150 என்றுதான் வரும், அதனால் மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டோம். புரட்டாசி என்பதால் சனிக்கிழமை ஒருபொழுது இருக்கிறார், மாத்திரையை மட்டும் காலையில் தவறாமல் போட்டுவிடுவார் (கிளிமிபிரைட் 2, மெட்ஃபார்மின் 500, வோக்லிபோஸ் 0.2 சேர்ந்தது). இணையத்தில் பார்த்தால் டிமென்ஷியாவின் ஆரம்பம் என்று இருக்கிறது. ஞாபகசக்திக்கு மாத்திரை தரலாமா? அம்மாவுக்கு இரண்டு பாதமும் வீங்குகிறது, மலச்சிக்கல், முட்டிவலியும் உண்டு. அடுத்த மாதம் இலை நிறம் மாறுவதைப் பார்க்க அல்கான்குவின் போகலாம் என்றிருக்கிறோம், போகலாமா?

பதில்: உங்கள் மெஷின் சரியாகத்தான் வேலை செய்தது, நம்பாமல் விட்டது நீங்கள்தான். கனடாவில் விற்கும் மீட்டர் காட்டுவது வேறு அளவு. அந்த எண்ணைப் 18-ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வரும். 3.3 என்றால் ஏறக்குறைய 59. ஊர்க் கணக்கில் 70-க்குக் கீழே, உங்கள் மீட்டரில் 4-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. அப்பாவுக்கு அன்று வந்தது அதுதான். இரண்டரை மணிக்கு வந்து தயிர்சாதம் உள்ளே போனதும் கிளம்பிவிடும் டிமென்ஷியாவை நான் பார்த்ததில்லை. ஞாபகசக்தி மாத்திரையை வாங்கி வைத்திருந்தால் குப்பையில் போடுங்கள்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், ஏனென்றால் அடுத்த பயணத்திலும் இதே மாதிரி நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. கிளிமிபிரைட் என்பது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அது கேட்டுக்கொண்டு வேலை செய்யாது. காலையில் போட்டால் அன்று முழுக்க அதன் பிடி இருக்கும். ஊரில் அப்பாவின் நாள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்: எட்டு மணிக்கு இட்லி, பதினோரு மணிக்கு இரண்டு மாரி பிஸ்கட்டுடன் காபி, ஒரு மணி அடித்தால் இலை போட்டாக வேண்டும், சாயந்திரம் தெருமுனை வரை ஒரு நடை. அந்த நாளுக்கு அளந்து கொடுத்த மாத்திரை இது. நயாகராவிலோ காலையில் வெறும் காபி, அதன் மேல் முழு மாத்திரை, அப்புறம் ஒன்றரை மணி நேரம் கார், படகுக்கு வரிசை, அருவியோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. தசைகள் சர்க்கரையை இழுக்கின்றன, மாத்திரையும் இறக்குகிறது, உள்ளே எதுவும் போகவில்லை. இரண்டரை மணி வரை தாங்கினாரே என்றுதான் எனக்கு ஆச்சரியம். ஊரிலும் இதே விரதம் இருந்திருப்பார், ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்வார். அங்கே நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து விரதம் இருந்தார், அதுதான் வித்தியாசம்.

சாக்லேட் கேட்காததற்கும் காரணம் உண்டு. அதிலுள்ள கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரை ரத்தத்துக்கு வர நேரமாகும். அதோடு அப்பாவின் மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறது. சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் தாழ்சர்க்கரை வந்தால் சீனி, மிட்டாய், சீனி போட்ட காபி எதுவும் எதிர்பார்க்கிற வேகத்தில் வேலை செய்யாது. நேரடியான குளுக்கோஸ்தான் வேண்டும். கனடாவில் எந்த மருந்துக் கடையிலும் சீட்டு இல்லாமல் குளுக்கோஸ் மாத்திரை கிடைக்கும், ஒன்று பெரும்பாலும் 4 கிராம் இருக்கும், நான்கை மென்று தின்னச் சொல்லுங்கள். இந்தியக் கடையில் விற்கிற வெறும் குளுக்கோஸ் பவுடரும் சரி, ஒரு மேசைக்கரண்டி குவித்து எடுத்துக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு மேசைக்கரண்டி தேன். பதினைந்து நிமிடம் பொறுத்து மீட்டரில் பாருங்கள், 4-க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறியதும் சாப்பாடு. எண் சரியான பிறகும் இந்த வயதில் தலை தெளிய அரைமணி, முக்கால்மணி ஆகலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குளுக்கோஸ் டப்பா அப்பாவின் சட்டைப் பையில் இருக்கட்டும், கார் டிக்கியில் இருந்து பிரயோஜனம் இல்லை.

ஒரே ஒரு அறிகுறியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும், அந்தப் பேரனுக்கும் சேர்த்து, சொல்லி வையுங்கள்: தாத்தாவுக்கு வெயிலே இல்லாமல் குளிர்ந்த வேர்வை வந்து, கூடவே காரணமில்லாத கோபமோ பேச்சில் குழப்பமோ இருந்தால் உடனே மீட்டர். சண்டையைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். என்னிடம் வருகிற ஒரு பெரியவரின் மனைவி, "மத்தியானம் பன்னிரண்டு மணியானா இவருக்கு யாரைப் பார்த்தாலும் ஆகாது டாக்டர்" என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது சுபாவம் என்று நானும்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் அந்த நேரத்திலேயே வரச்சொல்லிப் பார்த்தால் சர்க்கரை 52. இன்னொன்று, அப்பா அட்டெனலால், மெட்டோப்ரோலால் மாதிரி ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா என்று பாருங்கள். அது கைநடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், ஆனால் வேர்வை பெரும்பாலும் மறையாது. அதனால்தான் வேர்வையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

எப்போது 911? கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை, விழுங்கத் தெரியவில்லை, மயங்குகிறார் என்றால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், புரையேறி அதுவே ஆபத்தாகிவிடும், போனை எடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, நெஞ்சை அழுத்துவது இருந்தாலும் அப்படியே, மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அப்புறம் கிளிமிபிரைடில் ஒரு சங்கடம், ஒரு முறை தூக்கிவிட்ட சர்க்கரை அன்று இரவே மறுபடி இறங்கலாம். அன்று ராத்திரி நீங்கள் எல்லோரும் அசந்து தூங்கியிருப்பீர்கள். இனி அப்படி ஒரு நாள் வந்தால் படுக்கும் முன் ஒரு முறை, நடுராத்திரி ஒரு முறை பாருங்கள், அடுத்த மாத்திரையைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தச் சனிக்கிழமைக்கு முன்பே தஞ்சாவூரில் அப்பாவைப் பார்க்கிற டாக்டருக்குப் போன் போடுவது. அங்கே ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, உங்கள் காலை எட்டு மணி அவருக்குச் சாயந்திரம் ஐந்தரை, சரியான நேரம். 3.3 என்ற எண்ணை (59 என்று மாற்றி) சொல்லுங்கள், ஒருபொழுதைச் சொல்லுங்கள், கடைசியாகக் கிரியேட்டினின் எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். சிறுநீரகம் சற்று மந்தமாக இருந்தால் இந்த மருந்து உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும். கனடாவில் இருக்கும் வரை கிளிமிபிரைட் அளவைக் குறைப்பதா, விரத நாளில் மெட்ஃபார்மின் மட்டும் போதுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாக மாத்திரையை நிரந்தரமாக நிறுத்த வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம். ஆனால் அவர் பதில் வரும்வரை ஒரு விதி: சாப்பாடு இல்லாமல் அந்த மாத்திரை இல்லை. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்பா ஒருபொழுதை விட மாட்டேன் என்றால் ஊர்சுற்றலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், அது உங்கள் கையில் இருக்கிறது.

வெளியே போகிற நாளைச் சாப்பாட்டு நேரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். எட்டரைக்கு இட்லியோ தோசையோ வயிறு நிறையச் சாப்பிட்டு, அதோடு மாத்திரை, ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். பதினோரு மணிக்கு எங்கே இருந்தாலும் பிளாஸ்க் காபியும் பிஸ்கட்டும், அருவி ஓடிப்போய்விடாது. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. வெளியில் சைவம் கிடைக்கும், தேடிக்கொள்ளலாம் என்று போனால் அது இரண்டரை ஆகிவிடும் என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது, அப்படியே கிடைத்தாலும் சீஸ் வழியும் பீட்சாவை அப்பா இரண்டு கடி கடித்து வைத்துவிடுவார். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் மட்டும் ஐஸ் பையில் போகட்டும். சாப்பிட்ட பிறகுதான் நடை, அதுவும் பெஞ்சிலிருந்து பெஞ்சுக்கு. நயாகராவில் அருவியோரம் ஓடும் வீகோ பேருந்து இருக்கிறதே, அதில் ஏற்றுங்கள். நாலு மணிக்குள் வீடு. காரில் ஏறும் முன் ஒரு தரம் விரலில் குத்திப் பாருங்கள், நெரிசலில் நடு ரோட்டில் இறங்கினால் உங்களுக்குத்தான் கஷ்டம்.

அல்கான்குவின் போக மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவு. ஒரே நாளில் வேண்டாம், இரவு தங்குவதானால் போங்கள். இல்லாவிட்டால் பர்லிங்டனில் ராயல் பொட்டானிக்கல் கார்டன் அரை மணி நேரத்தில் வந்துவிடும், அங்கேயும் அக்டோபரில் இலை சிவக்கும். சும்மா ஒரு சாயந்திரம் காற்று வாங்க வேண்டுமென்றால் போர்ட் கிரெடிட் ஏரிக்கரை போதும், தரை சமமாக இருக்கும்.

அம்மாவுக்கு வருகிறேன். இரண்டு பாதமும் ஒரே மாதிரி வீங்கி, காலையில் வடிந்திருந்தால் நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பது காரணமாக இருக்கலாம், அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை எடுத்தால் அதுவும் சேரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள், மற்றபடி அவசரமில்லை. முட்டிக்கு அந்தப் பெஞ்சுக் கணக்கே வைத்தியம். மலச்சிக்கலுக்குப் பேதி மருந்து தேட வேண்டாம், வெளியே கிளம்பும் நாளில் அம்மா எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கவனியுங்கள். போகிற இடத்தில் கழிப்பறை எங்கே இருக்குமோ, எவ்வளவு தூரமோ, அங்கே தண்ணீர் இருக்குமோ என்று நினைத்துக் காலையிலிருந்தே குடிக்காமல் இருப்பார், உங்களிடம் சொல்லவும் மாட்டார். வழியில் எங்கெங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள், கையில் ஒரு தண்ணீர் பாட்டில் கூடுதலாகக் கொடுங்கள், கழுவிக்கொள்ள.