நின்றே செய்யும் வேலையில் நரம்புச் சுருட்டு: சாக்ஸ், நடை, கால் உயர்த்தல்

கேள்வி: எனக்கு 42 வயது. ஜவுளிக்கடையில் நின்றே வேலை செய்கிறேன். மாலையானால் கால்கள் கனத்து வலிக்கின்றன, கெண்டைக்காலில் நரம்புகள் முறுக்கிப் புடைத்துத் தெரிகின்றன. வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். சாக்ஸ் போட்டால் குணமாகுமா?

பதில்:

நீங்கள் நரம்பு என்று சொல்லும் புடைத்த இரத்த நாளங்கள், காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த சாக்ஸால் மறையாது. ஆனால் மாலை நேரக் கனமும் வலியும் வீக்கமும் நன்றாகவே குறையும். என் அக்காவும் உங்களைப் போல ஜவுளிக்கடையில் பணிபுரிபவர் என்பதால், அவருடைய அனுபவத்தை வைத்தே எழுதுகிறேன்.

காலிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசைதான். அது சுருங்கும்போது இரத்தம் மேலே செல்கிறது, நாளங்களுக்குள் இருக்கும் சிறு வால்வுகள் அதைக் கீழே திரும்ப விடாமல் தடுக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் நாளங்களில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் இருக்கும். நல்ல கால்களில் அது நடக்கும்போது 30க்கு அருகில் இறங்கிவிடும். வால்வுகள் பழுதானவர்களுக்கு அந்த இறக்கம் போதிய அளவு நிகழாததால், தேங்கும் இரத்தம் தோலுக்கடியில் உள்ள நாளங்களை விரித்து முறுக்கிவிடுகிறது. கணுக்காலில் சேரும் இந்த அழுத்தத்தைக் குறைப்பதுதான் நாம் செய்யும் எல்லாவற்றுக்கும் நோக்கம்.

அக்கா முதலில் வாங்கியது, செருப்பு அளவைச் சொல்லி வாங்கிய தொடை வரையிலான சாக்ஸ். அதன் மேல்விளிம்பு சுருண்டு இறங்கி முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்கியதால், பாதம் முன்பைவிட அதிகமாக வீங்கியது. பின்னர் மருத்துவர் இரு கால்களிலும் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு, முழங்கால் வரையிலான, கணுக்காலில் 23 முதல் 32 மில்லிமீட்டர் வரை அழுத்தம் தரும் இரண்டாம் வகுப்புச் சாக்ஸை எழுதிக் கொடுத்தார். இவ்வகைச் சாக்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும். அதனால்தான் கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், குதிகாலிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரையிலான நீளம் ஆகிய மூன்றையும் அளந்து வாங்க வேண்டும். வீக்கம் ஏறுவதற்கு முன், காலையிலேயே அளப்பது முக்கியம்.

அணியும் நேரமும் அதே காரணத்தால் காலைதான். கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், ஏனெனில் சிறிது நேரம் நின்ற பிறகு போட்டால் தேங்கிய இரத்தத்தின் மேல்தான் அது ஏறும். சாக்ஸை உட்புறம் வெளியே வருமாறு குதிகால் வரை திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு சுருக்கமில்லாமல் மேலே ஏற்றுங்கள். இரவில் கழற்றி, மென்மையான சோப்பில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நாள்தோறும் போட்டால் ஆறு மாதத்துக்குள் அதன் இழுவை தளர்ந்துவிடும், அப்போது புதிதாக வாங்க வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் இது எரிச்சலூட்டும் என்பது உண்மை. பாதவிரல் திறந்த வகை சற்று ஆறுதலாக இருக்கிறது.

கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள், தளத்திலேயே சிறிது நடந்து வாருங்கள். நெடுநேரம் நிற்பதுதான் கெடுதல், நடை நல்லது. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தரப்பட வேண்டும் என்பதால், இருக்கை கேட்பது உங்கள் உரிமை.

வீடு திரும்பியதும் படுத்து, கெண்டைக்கால் முழுவதையும் தலையணைகள் தாங்க, கணுக்கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி கால்களை வைத்து இருபது நிமிடமாவது இருங்கள். நாற்காலியில் அமர்ந்து காலை முக்காலியில் நீட்டுவதில் இந்த உயரம் கிடைக்காது. பலன் தெரிகிறதா என்று அறிய, கணுக்காலின் ஒரே இடத்தைக் காலையும் மாலையும் நாடாவால் அளந்து பாருங்கள். அக்காவுக்கு முன்பு காலையில் 22 சென்டிமீட்டராக இருந்தது மாலையில் 24 ஆகும். இப்போது அந்த வேறுபாடு அரை சென்டிமீட்டர்தான்.

நீரிழிவால் பாத உணர்வு குறைந்தவர்களும், நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நின்றால் விடுகிறவர்களும் மருத்துவர் தமனி ஓட்டத்தைச் சோதிக்கும் முன் சாக்ஸ் அணியவே கூடாது. அணிந்த பின் விரல்கள் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றுங்கள். கணுக்காலின் உட்புறத் தோல் கறுத்து அரித்தாலும், ஆறாத புண் வந்தாலும், சாக்ஸையே நம்பியிராமல் டாப்ளர் ஸ்கேன் எடுத்து லேசர் போன்ற சிகிச்சை பற்றிக் கேளுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், மூச்சுத் திணறலும் சேர்ந்தால் 108ஐ அழையுங்கள். புடைத்த நாளம் உடைந்து இரத்தம் பீறிட்டால், படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றபடி இருந்தால் அது நிற்காது.