ஒன்று இளைத்தது, ஒன்று ஊமை

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் பக்கம். முர்ரா கலப்பு எருமைக் கிடேரி இரண்டு, இரண்டுக்கும் மூன்று வயது. இதுவரை பருவத்துக்கே வரவில்லை. வைக்கோலும் கழுநீரும், பகலில் வரப்பு மேய்ச்சலும்தான். ஊசி போட்டுப் பருவத்துக்குக் கொண்டுவரலாமா? சின்னதுக்கு நெஞ்சுச் சுற்றளவு 58 அங்குலம், நீளம் 46. பெரியதுக்கு 66, 52.

பதில்: அளவு எடுத்து அனுப்பினீர்களே, பாதி வேலை முடிந்தது. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சின்னது சுமார் 234 கிலோ, பெரியது 343. முர்ரா கிடேரி 250 கிலோவைத் தாண்டினால்தான் முதல் பருவத்தை எதிர்பார்க்கலாம். சின்னதற்கு வயது ஆகிவிட்டது, உடம்பு ஆகவில்லை. இப்போது அதற்கு ஹார்மோன் ஊசி போடுவது வீண் செலவு. ஒருமுறை பருவம் காட்டினாலும் தொடர்ந்து வராது.

குறை வைக்கோலில்தான். அதில் புரதமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வரப்பு மேய்ச்சலில் கிடைக்கும் பச்சை போதாவிட்டால் வைட்டமின் ஏயும் குறையும். முதலில் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு நீக்குங்கள். அப்புறம் தினம் கம்பு நேப்பியர் 10 கிலோ, வேலிமசால் 3 கிலோ, வைக்கோல் 2 கிலோ, அடர்தீவனம் 2 கிலோ. அந்த 2 கிலோவில் மக்காச்சோளம் 700 கிராம், கடலைப் புண்ணாக்கு 600, தவிடு 640, தாது உப்புக் கலவை 40, சாதா உப்பு 20. முதல் நாளே இரண்டு கிலோவையும் கொட்டினால் வயிறு கெடும். அரை கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள். நாளுக்கு 400 கிராம் ஏறினாலே மூன்றரை மாதத்தில் 275 கிலோவைத் தொடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேப் பிடியுங்கள். ஏறவில்லை என்றால் தீவனம் எங்கோ வேறு வாய்க்குப் போகிறது என்று அர்த்தம்.

பெரியதன் கதை வேறு. அது பருவத்துக்கு வந்து போயிருக்கலாம், நீங்கள் பார்க்காமல். எருமைக்குப் பசு மாதிரி வழும்பு கயிறாகத் தொங்காது. உள்ளேயே தேங்கி, படுக்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ வெளியே வரும். பெரும்பாலும் இரவிலும் விடியலிலும்தான். அதிகாலை நாலரைக்கு டார்ச்சோடு போய் அது படுத்திருந்த இடத்தைப் பாருங்கள்: கண்ணாடி போல வழுவழுப்பு இருக்கிறதா, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுகிறதா, வாலைத் தூக்குகிறதா? கத்தும் என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள்.

கால்நடை மருத்துவரிடம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ஆசனவாய் வழியே கை விட்டுச் சினைப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள். சினைப்பை வேலை செய்வது தெரிந்தால் இது ஊமைப் பருவம். ஊசி போட்டு நாள் குறிப்பது இதற்குப் பொருந்தும், அவர் முடிவு செய்வார். இரண்டு முறையும் சினைப்பை மொழுமொழுவென்று இருந்தால் தீவனம்தான் முதல் மருந்து. கோடையில் பருவம் இன்னும் அடங்கிப் போகும் என்பதால் மதியம் குட்டையில் இறக்குங்கள், அல்லது தண்ணீர் ஊற்றுங்கள்.

அறிகுறி கண்ட நாளைக் காலண்டரில் குறியுங்கள். சினை ஊசி, காலையில் கண்டால் மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. தவறினால் 18ஆம் நாளிலிருந்து மறுபடி டார்ச்சை எடுங்கள்.