நிழற்குடை விளம்பரத்தில் "72 டெஸ்ட் ₹999": வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது பற்றிக் கேளுங்கள்

லேப் டெக்னீஷியனாக 22 வருடம். கடைசி ஆறு வருடமாகச் சென்னையில் வீட்டுக்கு ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் லேபின் பஸ் ஸ்டாப் விளம்பர வாசகத்தை அச்சுக்கு முன் சரிபார்த்ததும் நான்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

"எங்க ஸ்டாப்ல 72 டெஸ்ட் 999 ரூபாய்னு போட்டிருக்கு. டாக்டர் எழுதற நாலு டெஸ்ட்டே அவ்வளவு ஆகுதே, எப்படிக் கட்டுப்படியாகும்?" (குரோம்பேட்டை)

எண்ணுகிற விதம்தான் காரணம். ரத்த அணுக்களை எண்ணும் மெஷினில் ஒரு குழாயை வைத்தால் ஒரு நிமிடத்தில் இருபதுக்கும் மேல் எண்கள் வரும். டாக்டர் சீட்டில் அது "சி.பி.சி." என்று ஒரே வரி. விளம்பரத்தில் இருபது டெஸ்ட்.

கொழுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பல லேப்களில் மெஷின் அளப்பது மூன்றுதான்: மொத்தக் கொலஸ்ட்ரால், ஹெச்.டி.எல்., ட்ரைகிளிசரைடு. உங்களுக்கு அவை 210, 42, 150 என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ ஐந்தால் வகுத்தால் 30, அது வி.எல்.டி.எல். 210-இல் 42-ஐயும் 30-ஐயும் கழித்தால் 138, அது எல்.டி.எல். 210-இல் 42 போனால் 168, அதற்கு நான்-ஹெச்.டி.எல். என்று பெயர். இன்னும் இரண்டு விகிதம் போட்டால் மொத்தம் எட்டு. அளந்தது மூன்று, விளம்பரத்தில் எட்டு. கல்லீரல் பகுதியிலும் இப்படிக் கழித்தும் வகுத்தும் வருகிற எண்கள் மூன்று உண்டு.

அதனால் 72-ஐப் பார்க்காதீர்கள். போன் செய்து பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, உங்கள் டாக்டர் கேட்டது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், யாரிடம் எடுத்தாலும் சரி, குழாயில் உங்கள் பெயர் ஸ்டிக்கரை உங்கள் கண்முன்னே ஒட்டச் சொல்லுங்கள்.

"அப்போ எல்.டி.எல். கணக்குப் போட்டுத் தர்றதா? இது மோசடி இல்லையா?" (அம்பத்தூர்)

மோசடி இல்லை. அந்தச் சூத்திரம் 1972-இல் வந்தது. உலகம் முழுக்க டாக்டர்கள் அதை நம்பி மருந்து கொடுத்திருக்கிறார்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால்தான் அது செல்லாது, அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். கணக்கில் தவறில்லை. கணக்கை டெஸ்ட் என்று எண்ணி விற்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

"பயோகெமிஸ்ட்ரி வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவன். எல்.டி.எல். ரொம்பக் குறைவா இருந்தாலும் அந்தச் சூத்திரம் தப்பும், இப்போ புதுச் சூத்திரங்கள் வந்தாச்சு. அதையும் சொல்லுங்க." (சேலையூர்)

சரிதான் சார், நான் விட்டுவிட்டேன். மாத்திரை சாப்பிட்டு எல்.டி.எல். 70-க்குக் கீழே வந்தவர்களுக்கு அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டலாம்.

"எத்தனைன்னு எண்ணிட்டு இருக்கீங்க. எங்க அம்மாவுக்குத் தைராய்டு இருக்கிறது இப்படி ஒரு பேக்கேஜ்லதான் தெரிஞ்சுது. பஸ்ஸுக்கு நின்னப்போ போர்டு பார்த்துப் போன் பண்ணினேன்." (திருவொற்றியூர்)

நல்லதாயிற்று அம்மா. அதைக் கண்டுபிடித்தது 72-இல் ஒன்றான டி.எஸ்.ஹெச். அதை மட்டும் தனியாக எடுத்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த போர்டு இல்லாமல் உங்கள் அம்மா தனியாகப் போய் எடுத்திருப்பாரா என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

"டெஸ்ட்டுக்கு முன்னாடி டீ குடிக்கலாமா?" (மூன்று பேர்)

கூடாது. தண்ணீர் குடிக்கலாம். 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு, அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

"அப்பாவுக்குக் காலையில வீட்டு மெஷின்ல சர்க்கரை 118. அதே நேரம் வந்து எடுத்துட்டுப் போனவங்க ரிப்போர்ட்ல 91. எதை நம்ப? மாத்திரையைக் குறைக்கலாமா?" (மடிப்பாக்கம்)

மாத்திரையைத் தொடாதீர்கள். முதலில் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தைப் பார்த்து, மாதிரி எடுத்த நேரம், லேபுக்கு வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள். சாம்பல் மூடிக் குழாயில் எடுத்தார்களா என்றும் அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

"எடுத்தது 6:15, வந்தது 10:40. நாலு குழாய்ல எடுத்தாங்க, சாம்பல் மூடி எதுவும் இல்லைன்னு அப்பா உறுதியா சொல்றார்." (அதே மடிப்பாக்கம்)

அப்படியென்றால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். குழாயில் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இன்னும் வேகம். நாலரை மணி நேரத்தில் 118 கிட்டத்தட்ட 90-க்கு வந்துவிடும். உங்கள் எண்ணோடு ஒத்துப்போகிறது. வீட்டு மெஷினும் பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சர்க்கரைக்கு என்றே சாம்பல் மூடிக் குழாய் இருக்கிறது. அதிலுள்ள ஃப்ளோரைடு அணுக்கள் தின்பதை நிறுத்தும், ஆனால் முழுதாக நிற்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் அதையும் ஐஸ் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும். ஒரே பையன் காலையில் பன்னிரண்டு வீடு முடித்துவிட்டுத்தான் லேபுக்கு வருகிறான் என்றால் முதல் வீட்டு ரத்தம்தான் அதிகம் கெடும். கடைசி வீடாக வரச் சொல்லுங்கள், அல்லது லேபுக்கே போய் எடுங்கள். இந்த ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் ஹெச்.பி.ஏ.1.சி. பாருங்கள். மூன்று மாதச் சராசரி, இந்தத் தாமதம் அதைப் பாதிக்காது. ஸ்டிக்கர் கண்முன் ஒட்டினார்களா என்றும் அப்பாவிடம் கேளுங்கள்.

"போர்டுல என்.ஏ.பி.எல். முத்திரை இருக்கு. போதுமா?" (போரூர்)

லேபின் தரத்தைச் சோதித்து என்.ஏ.பி.எல். தரும் அந்த அங்கீகாரம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும், ஒவ்வொரு லேப் இடத்துக்கும் தனி. சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, என்.ஏ.பி.எல். தளத்தில் உங்கள் டெஸ்ட் அந்த லேபின் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

"அந்த ஸ்டாப்லயே ரத்தம் எடுப்பாங்களா? எத்தனை மணிக்கு வரணும்?" (ஆவடி)

இல்லை ஐயா, அது விளம்பரம் மட்டும். போர்டில் உள்ள எண்ணில் கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார்கள்.

"அண்ணா, சின்ன லேப் வச்சிருக்கேன். நிழற்குடையில ஒரு மாசம் போர்டு எடுக்கிறேன். என்ன எழுதலாம்?" (செங்கல்பட்டு)

தம்பி, முதலில் அந்த ஸ்டாப்பில் காலை எட்டரைக்குப் போய் நில்லுங்கள். எங்கள் முதல் போர்டில் போன் எண்ணைக் கீழே போட்டோம். பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்ததும் அவர்கள் தலையும் பையும் எண்ணை மறைத்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து நேரில் போய் நின்றபோதுதான் தெரிந்தது. அடுத்த மாதம் எண்ணை மேலே ஏற்றினோம், நின்றுகொண்டிருப்பவரின் கண் மட்டத்துக்கு. க்யூ.ஆர். சதுரம் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுபட வேண்டுமென்றால் பக்கம் பத்து சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

பைக்கில் போகிறவர் மூன்று சொல்தான் பார்ப்பார். பஸ்ஸுக்கு நிற்பவருக்குப் பத்து நிமிடம் இருக்கிறது, அவர் சிறிய எழுத்தையும் படிப்பார். அந்த இடத்தில் 72 என்று போடாமல், எந்தெந்தப் பகுதிக்கு வருவீர்கள், காலை எத்தனை மணியிலிருந்து, எடுத்த ரத்தம் எத்தனை மணி நேரத்தில் லேபுக்குப் போகும் என்று எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எங்கள் போர்டிலும் போடச் சொல்லிக் கேட்டேன், இடமில்லை என்றார்கள். நீங்களாவது போடுங்கள்.

"டீ குடிக்கக் கூடாது சரி, சர்க்கரை போடாத காபி?" (பல்லாவரம்)

அதுவும் கூடாது. மேலே படியுங்கள்.

"ரிப்போர்ட்ல பொட்டாசியம் 6.1 வந்திருக்கு, பயமா இருக்கு." (வேளச்சேரி)

இங்கே காத்திருக்க வேண்டாம், இன்றே டாக்டரிடம் போங்கள். வழியில் ரத்த அணு உடைந்ததால் ஏறியிருக்கலாம், ஆனால் அதை மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இந்த முறை லேபுக்கே போய்க் கொடுங்கள்.