பிழையாகத் தீர்த்தாரா, தீர்க்க அதிகாரமே இல்லாமல் தீர்த்தாரா?

கேள்வி: வணக்கம் ஐயா. நிலாவெளியில சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்திறன். கனகாலம் குசினியில நிண்டவர் 2024 நவம்பரில விலகிப் போய், பணிக்கொடை கேட்டுத் தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுத்தவர். விசாரிச்சுப்போட்டு 360,000 ரூபா கட்டச் சொல்லிக் கட்டளை அனுப்பியிருக்கினம். என்ர கணக்கில ஆகக்கூடினது 264,000. அவர் சேர்ந்தது 2013 ஆகஸ்ட், அவையள் 2012 எண்டு எடுத்திருக்கினம். சம்பளம் 48,000, அதோட சேவைக் கட்டணப் பங்கு 12,000ஐயும் கூட்டிப் போட்டிருக்கினம். இப்ப ஒருத்தர் சொல்றார், 15 பேருக்குக் குறைஞ்ச இடத்துக்கு அந்தச் சட்டமே செல்லாதாம். என்னட்ட 9 பேர்தான். விசாரணையில நான் அதைச் சொல்லேல்ல. திருகோணமலையிலயே ரிட் போடலாமோ?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் காசைக் கரைக்கிறார்கள். திருகோணமலை மாகாண மேல் நீதிமன்றத்தில் போடாதீர்கள். நீங்கள் ரிட் என்று சொல்லும் எழுத்தாணையை வழங்கும் அதிகாரம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இருக்கிறது, ஆனால் அரசியலமைப்பின் 154P உறுப்புரைப்படி அது மாகாண சபை நிரலில் உள்ள விடயங்களுக்கு மட்டுமே. பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளர் செய்வது மத்திய அரசின் வேலை. ஆகவே 140ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று இங்கே தாக்கல் செய்தால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அதைக் கேட்காமலே தள்ளுபடி செய்வார்கள்.

அப்புறம், மேன்முறையீடு வேறு, எழுத்தாணை வேறு. மேன்முறையீடு சட்டம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஆணையாளரின் இந்தக் கட்டளைக்கு எதிராக அப்படி ஒரு வழியைத் தரவில்லை. மிஞ்சுவது, போட்ட கட்டளையை அழிக்கச் சொல்லிக் கேட்கும் உறுதிகேள் எழுத்தாணை. அதில் நீதிபதி “இந்தக் கணக்குச் சரியா” என்று பார்க்க மாட்டார். “இதைத் தீர்க்க இவருக்கு அதிகாரம் இருந்ததா, இருந்தால் அந்த அதிகாரத்தின் எல்லைக்குள் நின்றாரா” என்றுதான் பார்ப்பார். எல்லைக்குள் நின்றுகொண்டு பிழையாகத் தீர்த்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பிழை அப்படியே இருந்துவிடும். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் சட்டம் தீர்க்கும் வேலையை ஆணையாளரிடம் கொடுத்தது என்றால், பிழையாகத் தீர்க்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தாணையும் இன்னொரு மேன்முறையீடாகிவிடும்.

உங்களிடம் மூன்று முறைப்பாடுகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்கிறீர்கள், ஆனால் நீதிமன்றத்துக்கு அவை மூன்று வேறு விடயங்கள்.

சேர்ந்த திகதியை எடுங்கள். நியமனக் கடிதம் இருந்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. இல்லையென்றால் அவர் சொன்னதும் நீங்கள் சொன்னதும்தான் விசாரணை அலுவலருக்கு முன்னால் இருந்தவை, அவர் ஊழியரை நம்பினார். 2013 ஆகஸ்டில் இருந்து எண்ணினால் முடிந்த ஆண்டு 11, 2012 ஆகஸ்டில் இருந்து எண்ணினால் 12. யாரை நம்புவது என்று முடிவெடுப்பது முழுக்க அவருடைய வேலை. அவர் நம்பியது பிழையாகவே இருந்தாலும் அது நியாயாதிக்கத்துக்குள், அதாவது சட்டம் அவருக்குக் கொடுத்த அதிகார எல்லைக்குள், நடந்த பிழை. ஒரு சாட்சியமும் இல்லாமல் அல்லது உங்களைப் பேசவே விடாமல் அந்த முடிவுக்கு வந்திருந்தால் கதை வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. இந்த ஒன்றுக்காக மட்டும் கொழும்புக்குப் போக வேண்டாம்.

சேவைக் கட்டணப் பங்கு கொஞ்சம் நல்ல இடம். அந்தச் சட்டத்தில் “சம்பளம்” என்றால் எது எது என்று வரையறை இருக்கிறது: அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி போன்ற படிகள், துண்டு வேலைக் கூலி. மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் சேவைக் கட்டணம் இதற்குள் வருமா என்பது யாரை நம்புவது என்ற கேள்வி அல்ல, சட்ட வாசகத்தின் பொருள் என்ன என்ற கேள்வி. என் பார்வையில் வராது, ஆனால் “அதுபோன்ற படி” என்று மறுபக்கம் வாதாட இடம் உண்டு. பழைய நாளில் இப்படியான சட்டப் பிழை நியாயாதிக்கத்துக்குள் நடந்ததா வெளியே போனதா என்று தலைமுடியைப் பிளப்பார்கள். 1968 இறுதியில் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த அனிஸ்மினிக் வழக்கு அதை மாற்றியது. சூயஸ் நெருக்கடியில் எகிப்தில் சொத்தை இழந்த ஒரு கம்பனி நட்டஈடு கேட்டது. அதைத் தீர்க்க அமைத்த ஆணைக்குழு தன் விதியில் இருந்த ஒரு நிபந்தனையைப் பிழையாக விளங்கிக்கொண்டு, கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டு, மறுத்துவிட்டது. ஆணைக்குழுவின் தீர்மானத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று சட்டமே சொல்லியிருந்தது. இருந்தும், தவறான கேள்விக்குப் பதில் சொல்வது அதிகாரத்தை விட்டு வெளியே போவதுதான், அப்படி வந்தது தீர்மானமே அல்ல என்று பெரும்பான்மை சொன்னது. அதன் பிறகு, நிர்வாக அமைப்பொன்று செய்யும் சட்டப் பிழையை எட்டுவது நீதிமன்றத்துக்கு முன்பைவிட எவ்வளவோ லேசு. அதோடு உங்கள் விடயத்தில் பிழை பதிவின் முகத்திலேயே தெரியக்கூடும்: கட்டளையிலோ கணிப்புத் தாளிலோ “48,000 + 12,000” என்று எழுதியிருந்தால் வேறு சாட்சியமே வேண்டாம். எழுதாமல் 60,000 என்று மட்டும் போட்டிருந்தால் கொஞ்சம் கஷ்டம். ஆகவே விசாரணைக் கோவையின் சான்றுப்படுத்திய பிரதியை இப்போதே கேளுங்கள். அது இல்லாமல் விண்ணப்பம் நிற்காது.

இதில் வென்றால் எவ்வளவு மிஞ்சும்? மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின் கணக்கில். 24,000ஐ 12 ஆல் பெருக்கினால் 288,000. அதாவது உங்களுக்கு மிஞ்சுவது 72,000. அதையும் நீதிமன்றம் எழுதித் தராது. உறுதிகேள் எழுத்தாணை கட்டளையை அழிக்கும், அவ்வளவுதான். புதிய கணக்கை ஆணையாளர்தான் மறுபடி போட வேண்டும். சட்டத்தரணி கூலி, கொழும்புக்குப் போய்வரும் செலவு எல்லாம் வைத்துப் பாருங்கள்.

இனி 15 பேர். இதுதான் அசல் நியாயாதிக்கக் கேள்வி. விலகியதற்கு முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாளில் 15 அல்லது அதற்கு மேற்பட்டவர்களை வைத்திருந்த தொழில்தருநர் மீதுதான் அந்தச் சட்டம் பணிக்கொடைக் கடப்பாட்டைச் சுமத்துகிறது. இந்த எண்ணிக்கை ஆணையாளரின் முடிவுக்கு விட்ட வேலை அல்ல, அவர் உள்ளே போவதற்கான கதவு. கதவு திறந்திருக்கிறதா என்று அவரும் முதலில் பார்த்துத்தான் ஆக வேண்டும், ஆனால் அவர் சொன்னதே கடைசி என்று ஆகாது. இல்லாத அதிகாரத்தை ஒருவர் தன் தீர்ப்பாலேயே தனக்கு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அதனால் சேர்ந்த திகதியைத் தொட மறுக்கும் அதே நீதிமன்றம், ஆள் எண்ணிக்கையை ஆவணங்களை வைத்துத் தானே பார்க்கும். இரண்டும் வெறும் உண்மைகள்தான். ஒன்று உள்ளே இருக்கிறது, மற்றது வாசலில் இருக்கிறது. ஒரு பிழை எந்த வகை என்று கண்டுபிடிக்க அது எவ்வளவு பெரிய பிழை என்று பார்த்துப் பயனில்லை, சட்டத்தின் வாசகத்தில் அந்த விடயம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆனால் துள்ளாதீர்கள். “ஏதாவது ஒரு நாளில்” என்ற சொற்களை இன்னொரு தடவை வாசியுங்கள். உங்களுக்கு சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. 2024 ஆகஸ்டில் அறை துப்புரவுக்கும் மேசைக்கும் நாள் சம்பளத்துக்குப் பொடியளை எடுத்தீர்களா? அந்தச் சட்டத்தில் “தொழிலாளி” என்பதற்கான பொருள் விசாலமானது, தற்காலிகமானவர் என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவர் எண்ணிக்கையில் இருந்து விழமாட்டார். 9 நிரந்தரம், அதோடு ஒரு சனிக்கிழமை 6 பேர் வந்திருந்தால் 15 ஆகிவிட்டது. அந்த ஒரு நாளே போதும். 2023 நவம்பர் முதல் 2024 நவம்பர் வரையான சேமலாப நிதி சி படிவங்கள், வரவு இடாப்பு, நாள் கூலி கொடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்து உங்கள் சட்டத்தரணியோடு உட்கார்ந்து நாள் நாளாக எண்ணுங்கள். எண்ணாமல் சத்தியக்கடதாசியில் 9 என்று எழுதிவிடாதீர்கள். மறுபக்கம் ஊழியரும் சத்தியக்கடதாசி போட்டு 16 என்று சொல்லி, ஆவணமும் தெளிவில்லை என்றால், முக்கிய உண்மைகளே சர்ச்சையில் இருக்கும்போது எழுத்தாணை பொருத்தமான வழி அல்ல என்று 1981இன் தாஜுதீன் எதிர் இலங்கைத் தேயிலைச் சபை வழக்கைக் காட்டித் தள்ளிவிடலாம். நியாயாதிக்கக் கேள்வி என்பதற்காக நீதிமன்றம் உட்கார்ந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யப் போவதில்லை.

அடுத்த ஓட்டை, நீங்கள் விசாரணையில் வாய் திறக்காதது. அதிகாரமே இல்லாத இடத்தில் சம்மதத்தால் அதிகாரம் வராது என்பது சரி. ஆனால் பீற்றிஸ் பெரேரா எதிர் தேசிய வீடமைப்பு ஆணையாளர் வழக்கில் பிரதம நீதியரசர் தென்னகோன் இரண்டு வகையைப் பிரித்தார். அந்த வகை விடயமே தீர்ப்பவரின் கைக்கு வராதது என்றால் அது முழு இன்மை, அதை மௌனத்தால் ஒட்டுப்போட முடியாது. அந்த வகை விடயம் அவருக்கு உரியதுதான், ஆனால் இந்தச் சம்பவத்தில் ஏதோ ஒரு நிபந்தனை குறைந்திருக்கிறது என்றால், அதை நேரத்தோடு சொல்லாமல் வழக்காடியவர் பின்னர் தோற்றதும் தூக்கிக்கொண்டு வர முடியாமல் போகலாம். பணிக்கொடைத் தகராறு பொதுவாக ஆணையாளருக்கு உரியது. உங்கள் 9 பேர் கதையை இரண்டாம் வகை என்றுதான் அரச சட்டத்தரணி வாதிடுவார், அதில் பலமும் இருக்கிறது. பதிலுக்கு நீங்கள், 15 பேருக்குக் குறைந்தால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் பணிக்கொடைக் கேள்வி தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும், ஆகவே இது வேறொரு மன்றத்தின் விடயம் என்று சொல்லலாம். வாதம் கெட்டதல்ல. ஆனால் எழுத்தாணை தருவதும் தராததும் நீதிமன்றத்தின் தற்றுணிபு என்பதால், மௌனம் உங்களுக்கு எதிராகத்தான் எண்ணப்படும்.

சரி, வென்றால்? கட்டளை போய்விடும், அவர் தொழில் நியாய சபைக்குப் போகப் பார்ப்பார். அங்கே அவருக்குக் காலவரையறைச் சிக்கல் வரலாம், வராமலும் போகலாம். அங்கே நீதியும் ஒப்புரவும் பார்த்துத் தொகையைத் தீர்ப்பார்கள், அரை மாதக் கணக்கு அவர்களைக் கட்டாது. 264,000 தரத் தயாராக இருந்த நீங்கள், ஊழியரைக் கூப்பிட்டு 290,000க்குப் பேசி முடித்துத் திணைக்களத்திலேயே எழுதிக் கையெழுத்து வைப்பது கெட்ட யோசனை அல்ல.

போவது என்று முடிவெடுத்தால் தாமதிக்க வேண்டாம். நாள் கணக்கில் எழுதிய எல்லை இல்லை, ஆனால் விளக்கமில்லாத தாமதம் மட்டுமே விண்ணப்பத்தை விழுத்தப் போதும். அதற்குள் ஆணையாளர், தொகை கட்டப்படவில்லை என்ற சான்றிதழை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால் தொகையைத் தண்டப்பணம் போல அறவிடத் தொடங்குவார்கள். அங்கே போய் 15 பேர், 9 பேர் என்று பேசினால் நீதவான் கேட்கமாட்டார், சான்றிதழுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை அல்ல. விண்ணப்பத்தோடு இடைக்காலத் தடையும் கேட்கச் சொல்லுங்கள், 15 பேர் என்ற விடயத்தை முதல் பந்தியிலும் சேவைக் கட்டணத்தை இரண்டாவதிலும் வைக்கச் சொல்லுங்கள். சேர்ந்த திகதியை விண்ணப்பத்தில் இருந்தே எடுத்துவிடுங்கள். அது இருந்தால், இவர் மேன்முறையீட்டுக்குத்தான் எழுத்தாணைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று மற்ற இரண்டையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.