மகளின் விண்ணப்பக் கடிதத்தில் அப்பா பெயர் வேண்டாமா?

ஐயா, வணக்கம்.

கோயம்புத்தூர் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு உங்கள் மகள் எழுதிய கடிதமும், நீங்கள் அதன் அடியில் பேனாவால் சேர்த்த நான்கு வரிகளும் கிடைத்தன. தகப்பனார் பெயர், அவர் தொழில், மதம், திருமண நிலை. இவை இல்லாமல் அனுப்பினால் எதையோ மறைப்பதுபோல் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. நான்கையும் எடுத்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடையில் அடித்துத் தரும் பயோடேட்டாவில் இவையெல்லாம் இருக்கும், உண்மைதான். அதே தாளில் ராசி, நட்சத்திரம் சேர்த்தால் வரன் பார்க்கவும் அனுப்பலாம்! கம்பெனிக்காரர் முதலில் பார்ப்பது வேறு: இந்தப் பெண்ணுக்கு வேலை தெரியுமா, எப்போது சேருவாள்?

திருமண நிலையிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் கெடுப்பது அதுதான். 'ஆகவில்லை' என்று எழுதினால், கல்யாணமானதும் போய்விடுவாள் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 'ஆகிவிட்டது' என்றால் அடுத்து பிரசவ விடுப்பு என்று கணக்குப் போடுவார்கள். எப்படி எழுதினாலும் பெண்ணுக்கு லாபமில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வந்து, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது நினைவிருக்கும். இந்த வரி இருந்த இடத்தில் அவர்களுக்கு உண்மையிலேயே தேவையான செய்தியை மகள் எழுதட்டும்: 'கோயம்புத்தூரில் தங்கி வேலை பார்க்கத் தயார், ஜூன் 1 முதல் சேர முடியும்.'

மதத்தைப் பற்றி உங்களிடம் மழுப்பப் போவதில்லை. வரியை எடுத்தாலும் பெயரே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள், பெயர்கள்தான் வேறு. உயர்சாதி இந்துப் பெயர்களைவிட தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. ஆகவே வரியை எடுப்பது முழுப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் கேட்காத கேள்விக்கு நாமே பதில் எழுதிக் கொடுப்பானேன்? சாதிக்கும் இதேதான்.

உங்கள் பெயரை எடுக்கச் சொல்வதில் வருத்தம் வேண்டாம். அது ஏற்கனவே மகளின் இனிஷியலில் இருக்கிறது. வேலை உறுதியானதும் நிரப்பும் பி.எஃப். படிவம் 11இல் தகப்பனார் அல்லது கணவர் பெயர், திருமண நிலை எல்லாம் கேட்பார்கள். அங்கே ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். உங்கள் தொழிலை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். அது மகளின் தகுதி ஆகாது.

இவ்வளவும் நாமே எழுதும் கடிதத்துக்குத்தான். அச்சடித்த படிவத்தில் கேட்டிருந்தால் கதை வேறு. மகள் அடுத்து டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதப் போவதாகச் சொன்னாள். அங்கே தகப்பனார் பெயர், மதம், வகுப்பு எதையும் விடக் கூடாது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீடு மதத்தைப் பொறுத்தது. ஆதரவற்ற விதவை என்ற சலுகை திருமண நிலையைப் பொறுத்தது. விண்ணப்பத்தில் கோராத சலுகையைப் பிறகு கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கம்பெனிக் கடிதத்தில் வேண்டாத அதே வரி, இங்கே உரிமைக்கு ஆதாரம்.

நேர்முகத்தில் 'கல்யாணம் எப்போது?' என்று கேட்டால் மகள் பொய் சொல்ல வேண்டாம். 'இப்போதைக்கு வேலையில்தான் கவனம் சார்' என்று முடித்துக்கொள்ளலாம். முறைக்கவும் வேண்டாம், வீட்டுக் கதையெல்லாம் விரிக்கவும் வேண்டாம்.

நான்கு வரி போனதில் கிடைத்த இடத்துக்கு வருகிறேன். டேலி தெரியும் என்று ஒற்றைச் சொல்லில் எழுதியிருக்கிறாள். ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மாதம் இருந்தபோது ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு பில் சரிபார்த்ததாக என்னிடம் சொன்னாள். கடிதத்தில் அது இல்லவே இல்லை! அதை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்ததும் விட்டுப்போயிருக்கிறது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மகளின் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் உங்கள் முழுப் பெயர் பின்னால். பான் கார்டில் உங்கள் பெயருக்கு ஓர் எழுத்து கூடுதல். சேர்ந்தபின் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டுவது இதுதான். கடிதத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். மற்ற இரண்டையும் திருத்த இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வாருங்கள்.